ரெய்கியும் உரைகல்லும்

பேச்சிப்பாறை அணையை ஒட்டிய மலைச்சரிவில் ரப்பர் பால் வெட்டும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு செய்தி கூறினார். மாசி மாதத்தில் தோள்வலி தாங்க இயலாத நிலையில், ரெய்கி பயின்ற ஒருவரிடம் நான்கு வாரங்கள் சென்று வந்தாராம். அவர் உடலைத் தொடாமலே உள்ளங்கைகளைத் தோளுக்கு மேல் நிறுத்தினார். இதமான வெப்பம் பரவியது. மாத முடிவில் வலி பெரிதும் தணிந்தது. "ஹஜ்ரத், இதில் உண்மை இருக்கிறதா?" என்பதே அவரது வினா. அவர் பொய் சொல்லவில்லை. வலி தணிந்ததும் மெய்யே. ஆனால் அதைத் தணித்தது எது என்பது வேறு வினா.

ரெய்கியை ஜப்பானில் 1922ஆம் ஆண்டளவில் தொடங்கியவர் மிக்காவோ உசுயி. உலகெங்கும் நிறைந்த உயிராற்றல் ஒன்று, தீட்சை பெற்றவரின் கைவழியே நோயாளியிடம் பாய்ந்து நலம் தருகிறது என்பது இதன் அடிப்படை. இதில் இரண்டு கூற்றுகள் அடங்கியுள்ளன. அத்தகைய ஆற்றல் உண்டு, பயின்ற கை அதனை உணரும் என்பது ஒன்று. அதனால் நோய் தீரும் என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

நிறுத்துப் பார்க்கும் முறை நமக்குப் புதிதன்று. இமாம்களும் ஹகீம்களும் நன்கறிந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ, மூளைக் காய்ச்சலின் அறிகுறி தென்பட்டோருள் ஒரு சாராருக்குக் குருதி வடித்தார். மறு சாராரை வேண்டுமென்றே வடிக்காமல் விட்டார். ஒப்பிட்டாலன்றி உறுதி பிறவாது என்பதே அவர் கருத்து. குருதி வடித்தல் பற்றி அவர் கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை; எனினும் சிகிச்சை பெறாதவரையும் உடன்வைத்துப் பார்க்கும் நெறி நிலைத்துவிட்டது.

முதற் கூற்றுக்கு ஒரு நல்ல சோதனை அமெரிக்காவில் நிகழ்ந்தது. அது ரெய்கியின் உறவு முறையான 'தெரப்யூட்டிக் டச்' பற்றியது. அம்முறையினரும் தொடாமலே உடலைச் சூழ்ந்த ஆற்றலைக் கையால் உணர்வதாகக் கூறுவர். எமிலி ரோசா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி ஒரு மறைப்பை நிறுத்தினாள். சிகிச்சையாளர் அதன் அடியே இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளை மேல்நோக்கி வைத்தார். எமிலி காசு சுண்டி, அவற்றுள் ஒன்றின் மேல் சில அங்குல உயரத்தில் தன் கையை வைத்தாள். எந்தக் கையருகே அவள் கை உள்ளது என்பதே கேள்வி. 21 பேர் 280 முறை விடை கூறினர். கண்மூடி ஊகித்தாலே 140 முறை சரியாகும். அவர்கள் சரியாகச் சொன்னது 123 முறையே. இச்சோதனை 1998இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வெளிவந்தது. உணர்வதாகக் கருதியவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். எங்கே கை இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிந்தபோது தோன்றிய உணர்வு, தெரியாதபோது வழிகாட்டவில்லை.

இச்சோதனை உணர்தலை மட்டுமே அளந்தது. நலம் பெறுதலை அன்று. இரண்டாம் கூற்றுக்கு 2008இல் வெளியான ஓர் ஆய்வு விடை தருகிறது. தசைநோவு நோயுற்ற 100 பேருள் சிலருக்கு ரெய்கி ஆசான்களும், சிலருக்கு ஆசான்களைப் போல் நடித்த நடிகர்களும் எட்டு வாரங்கள் சிகிச்சை அளித்தனர். ஆசானிடம் சென்றோர் நடிகரிடம் சென்றோரைவிடக் கூடுதல் நலம் எதுவும் பெறவில்லை. தீட்சைக்கென ஒரு தனி ஆற்றல் இருந்திருப்பின் இங்கேனும் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

இனி நம் சகோதரரிடம் மீள்வோம். நாம் அவரிடம் கேட்டது ஒன்றே: "அந்த மாதம் வெட்டு நடந்ததா?" இல்லை, ரப்பர் இலையுதிர்த்த காலம், வெட்டு நின்றிருந்தது. ஓய்வே தோளைத் தேற்றியிருக்கக்கூடும். மேலும் வலி உச்சத்தை எட்டியபோதே அவர் சிகிச்சை தேடினார். உச்சத்திலிருந்த வலி பெரும்பாலும் தானாகவே இறங்கும். அமைதியாகப் படுத்திருத்தலும், ஒருவர் பரிவோடு அருகிருத்தலும் இதம் தரும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. அந்த இதத்தைப் புற்றுநோய்க்கும் நீரிழிவுக்கும் மருந்தெனக் கொண்டு மாத்திரையை நிறுத்துவதில்தான் ஆபத்து உள்ளது. "மருந்தை நிறுத்து" என்றோ, "குணமாகாவிடில் உன் நம்பிக்கைக் குறைவே காரணம்" என்றோ சொல்பவரிடமிருந்து விலகுதலே அறிவுடைமை.

"நாமும் ஓதிப் பார்க்கிறோமே?" எனச் சிலர் கேட்பர். ஓதிப் பார்த்தல் அல்லாஹ்விடம் இறைஞ்சும் துஆ. ஓதுபவரின் கையில் ஓர் ஆற்றல் இருப்பதாக அது சொல்வதில்லை. மருந்தை விடுமாறும் சொல்வதில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பணித்துள்ளார்கள். மருத்துவம் அறியாமல் அதைச் செய்து கேடு விளைவிப்பவர் அதற்குப் பொறுப்பாளி என்பதும் அவர்களது போதனையே. ரெய்கியோ இயற்கையின் ஆற்றல் எனத் தன்னை அறிமுகம் செய்கிறது. அங்ஙனமாயின் இயற்கைக்குரிய சோதனையை ஏற்க வேண்டும். சோதனையில் தோற்றபின் நம்பிக்கையின் போர்வைக்குள் ஒதுங்குதல் முறையன்று. அல்லாஹ்வே யாவற்றையும் நன்கறிந்தவன்.