ஏலம் கேட்காமல் வேலை பிடிக்கலாம்!

ஒரு கடைக்காரருக்கு இணையதளம் வேண்டும். வேலை கொடுப்போரும் தேடுவோரும் கூடும் தளத்தில் அறிவிக்கிறார். 40 பேர் விலை சொல்கிறார்கள். ஒருவர் 20 ஆயிரம் ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் 5 ஆயிரம் போதும் என்கிறார்! யார் கெட்டிக்காரர்? கடைக்காரருக்குத் தெரியாது. தெரிவது விலைதான். 5 ஆயிரக்காரருக்கே வேலை!

வேறு வழி உண்டு.

'வேர்ட்பிரஸ்' என்பது இணையதளம் அமைக்கும் இலவச மென்பொருள். 2003-ல் வந்தது. அதைப் பயன்படுத்துவோர் பல நகரங்களில் கூடிப் பேசுகிறார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஓர் இளைஞர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலை கேட்கவில்லை. அங்கே தையற்கடைக்காரர் ஒருவர், "தளத்தில் ஆர்டர் கொடுக்கிறார்கள், எனக்கு மின்னஞ்சல் வருவதில்லையே!" என்கிறார்.

இளைஞர் பார்க்கிறார். கடிதம் கணக்கு, கடவுச்சொல் இல்லாமல் போகிறது. அதனால் குப்பைப் பெட்டியில் விழுகிறது. முறையான அஞ்சல் கணக்கை இணைக்கிறார். அரைமணியில் கோளாறு தீர்ந்தது!

சில மாதம் கழித்து, தையற்காரரின் மைத்துனருக்குத் தளம் தேவை. "அந்தப் பையனைக் கூப்பிடு" என்கிறார். அங்கே 39 போட்டியாளர் இல்லை. இளைஞர் 20 ஆயிரம் கேட்கிறார். பாதியை முன்பணமாக வாங்குகிறார்.

வேர்ட்பிரசின் இணைய உதவி அரங்கிலும் பதில் சொல்லலாம். ஆனால் அங்கே, "காசு கொடுங்கள், செய்து தருகிறேன்" என்பது விதிப்படி கூடாது.

இரண்டு எச்சரிக்கை. பலன் வர மாதங்கள் ஆகும். கையில் உள்ள வேலையை விட்டுவிடக் கூடாது. அரைமணி உதவி இலவசம். அதற்கு மேல் என்றால், கூலியை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நட்பும் போகும், கூலியும் போகும்!