இரத்தம் தேவை: செய்தி உரியவர் கைக்குப் போய்ச் சேர என்ன செய்யலாம்?



"அவசரம்! பி நெகட்டிவ் இரத்தம் தேவை. அனைவரும் பகிரவும்" என்ற செய்தி நம் எல்லோருடைய கைப்பேசிக்கும் வருகிறது. எந்த ஊர், எந்த மருத்துவமனை, என்றைக்குத் தேவை என்று அதில் இருப்பதில்லை. அது துபாய் வரை போய்விடும். ஆனால் பக்கத்துத் தெருவில் அதே வகை இரத்தம் உள்ளவர் பார்த்திருக்க மாட்டார். இரத்தம் கொடுக்கப் போகிறவர் ஒரு மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். ஆகவே எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, யார் பார்த்தார்கள் என்பதே முக்கியம். இதைத் தீர்மானிப்பவை மூன்று: ஹேஷ்டேக், மென்ஷன், பதிவின் வடிவம்.

ஹேஷ்டேக் என்பது அஞ்சல் உறையில் எழுதும் முகவரி போன்றது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. #ChennaiRains என்ற குறியின் கீழ் செய்தியும் படமும் விவாதமும் குவிந்தன. உதவி கேட்பவர்களுக்கும் தருபவர்களுக்கும் #ChennaiRainsHelp என்று தனிக் குறி புழக்கத்துக்கு வந்தது. படகோ உணவோ வைத்திருந்தவர்கள் அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும் என்றானது. பொதுவான குறியில் கூட்டம் அதிகம்; குறுகிய குறியில் உரிய ஆள் இருப்பார்.

நம் பகுதிக்கு வருவோம். #BloodDonation, #Urgent போன்றவை உலகம் முழுக்க ஓடும் குறிகள். அவற்றில் நம் செய்தி சில நிமிடங்களில் அடியில் போய்விடும். #KalvarayanHills பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் மேகம் அருவி, பெரியார் அருவிக்குச் சுற்றுலா வந்தவர்களின் படங்கள். அதைத் தேடுகிறவர் வெளியூரில் பயணத் திட்டம் போடுகிறவர். மேலும் கல்வராயன் மலை ஒன்றுக்கு மேற்பட்ட மாவட்டங்களில் கிடக்கிறது. வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டம். கருமந்துறை சேலம் மாவட்டம். கருமந்துறைப் பக்கத்து நோயாளியைச் சேலத்தில் சேர்த்திருந்தால், போட வேண்டிய குறி #Salem. நோயாளியின் ஊரைப் பார்க்காமல், அவர் படுத்திருக்கும் மருத்துவமனையின் ஊரைப் பார்த்துக் குறி போட வேண்டும். கள்ளக்குறிச்சியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு k கூட்டி எழுதினால் அது வேறு குறியாகிவிடும். மாவட்ட இணையதளத்தில் உள்ளபடி #Kallakurichi என்றே எழுதுவோம்.

இரத்த வகையை எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஹேஷ்டேக்கில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் நிற்கும். கூட்டல், கழித்தல் குறிகள் நிற்காது. #B- என்று எழுதினால் #B மட்டுமே குறியாகும், நெகட்டிவ் என்பது போய்விடும். எனவே #Bnegative, #Opositive என்று எழுத்தால் எழுத வேண்டும். இடைவெளி விட்டாலும் குறி அங்கேயே முடிந்துவிடும். ஊர், வகை என இரண்டு குறி போதும். இந்தக் குறிகள் எக்ஸ், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில்தான் வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் ஹேஷ்டேக் செய்திகளை ஒன்றுதிரட்டாது. அங்கே மென்ஷன்தான் கைகொடுக்கும்.

வாட்ஸ்அப் குழுவில் @ போட்டு ஒருவர் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அவர் குழுவை மியூட் செய்திருந்தாலும் அவருக்கு அறிவிப்பு போகும். அதனால்தான் எல்லோரையும் மென்ஷன் செய்யக் கூடாது. நாள்தோறும் இப்படி வந்தால் அவர் குழுவை விட்டே போய்விடுவார். பி நெகட்டிவ் நோயாளிக்குச் சிவப்பணுக்கள் தேவை என்றால் பி நெகட்டிவ் அல்லது ஓ நெகட்டிவ் உள்ளவரே கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்த ஆண் 90 நாளும், பெண் 120 நாளும் கழித்தே மறுபடி கொடுக்கலாம். ஆகவே மஹல்லாவாரியாகப் பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதில் நாள் கடந்த மூன்று நான்கு பேரை மட்டும் மென்ஷன் செய்யுங்கள்.

எக்ஸ் தளத்தில் @BloodDonorsIn போன்ற, இரத்தக் கோரிக்கைகளை மறுபதிவு செய்யும் கணக்குகளை மென்ஷன் செய்யலாம். நடிகர்களையும் அமைச்சர்களையும் வரிசையாகச் சேர்ப்பதால் கொடையாளர் வருவதில்லை. பதிவை @ கொண்டு தொடங்கவும் கூடாது. அப்படித் தொடங்கினால் தளம் அதை அவருக்கு எழுதிய பதிலாகக் கருதக்கூடும். நம்மைப் பின்தொடர்பவர்களில் பலர் கண்ணில் படாமல் போகலாம். மென்ஷன் கடைசியில் வரட்டும்.

ஒரு மாதிரியைப் பார்ப்போம்:

#Kallakurichi #Bnegative 2 யூனிட் தேவை.
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பிரசவ வார்டு.
ஜூன் 12, மாலை 5 மணிக்குள்.
தொடர்புக்கு: (உடனிருப்பவர் எண்)
பதிவு நேரம்: ஜூன் 12, காலை 10.30
@BloodDonorsIn

நோயாளியின் பெயரும் படமும் நோய் விவரமும் இதில் இல்லை. கொடையாளருக்கு அவை தேவையும் இல்லை. அந்த எண்ணுக்கு யாராவது அழைத்து, "ஆள் அனுப்புகிறேன், முதலில் பணம் அனுப்புங்கள்" என்றால் பேச்சை நிறுத்திவிடுங்கள். பணத்துக்கு இரத்தம் கொடுப்பது நம் நாட்டில் 1998 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

இனி வடிவம். அவசரக் கோரிக்கையை எழுத்தாகவே போடுங்கள். படத்துக்குள் எழுதினால் தேடும்போது கிடைக்காது. எண்ணைத் தொட்டு அழைக்கவும் முடியாது. கேரசல் எனப்படும், விரலால் தள்ளிப் பார்க்கும் பல பட வரிசையும் இதற்கு ஆகாது. பலர் முதல் படத்தோடு நின்றுவிடுவார்கள். எண் மூன்றாவது படத்தில் கிடக்கும். கேரசல் நிதானமாகப் படிக்க வேண்டிய செய்திக்கு ஏற்றது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது என்று படத்துக்கு ஒரு செய்தியாக நான்கைந்து படங்கள் செய்து வைத்தால் ஆண்டு முழுக்கப் பயன்படும்.

வாக்கெடுப்பு முகாம் நடத்துவதற்கு உதவும். நோன்பு நேரத்தில் பகலில் இரத்தம் கொடுப்பது கடினம் என்பதால் முகாமை ரமலானுக்கு முன்பே வைப்பது நல்லது. "ஜும்ஆவுக்குப் பின்", "ஞாயிறு காலை", "இம்முறை இயலாது" என்று மூன்று விடை கொடுத்து, ஒன்றை மட்டும் தேர்வு செய்யும்படி அமையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் யார் எதைத் தேர்ந்தார்கள் என்று பெயரோடு தெரியும். அந்தப் பட்டியலே அழைப்புப் பட்டியலாகிவிடும். பெண்களின் பெயர் எல்லோர் கண்ணிலும் படுவதால் அவர்களுக்குப் பெண்கள் குழுவில் தனியாக நடத்த வேண்டும். எக்ஸ் வாக்கெடுப்பில் எண்ணிக்கை மட்டுமே தெரியும், ஆள் தெரியாது. ஆகவே கொடையாளரைத் தேட அது உதவாது.

கடைசியாக, தேவை முடிந்ததும் செய்தியை நிறுத்துவது நம் பொறுப்பு. 2015 வெள்ளத்திலும் நிறைவேறிவிட்ட கோரிக்கைகள் தொடர்ந்து சுற்றிக்கொண்டிருந்தன. உதவ வந்தவர்களின் நேரம் வீணானது. இரத்தம் கிடைத்தவுடன் எக்ஸ், ஃபேஸ்புக் பதிவுகளை நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி இரண்டு நாளைக்குள் என்றால் எல்லோருக்குமாக அழிக்க முடியும். ஆனால் மற்றவர் வேறு குழுக்களுக்கு அனுப்பிய பிரதி அழியாது. அதற்காகத்தான் தேதியும் நேரமும் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறோம். தேதி இல்லாத கோரிக்கை உங்களுக்கு வந்தால், அதில் உள்ள எண்ணை அழைத்துக் கேட்ட பிறகே பகிருங்கள். அலைந்து திரும்பிய கொடையாளர் அடுத்த அழைப்புக்கு எழுந்து வரத் தயங்குவார். அந்த அழைப்பு நம் வீட்டிலிருந்து போனதாகவும் இருக்கலாம்.