பலகையில் அஞ்சு, கையில் மூன்று

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பந்தயக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் மூன்று ஆண்டுகள் நின்றிருக்கிறேன். வழக்கமாக வரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், ஒரு சனிக்கிழமை மதியம் சீட்டில் குதிரையின் பெயரையும் பந்தய நேரத்தையும் எழுதி, கீழே பத்து பவுண்டு என்று போட்டு நீட்டினார். சுவர்த் திரையில் அந்தக் குதிரைக்கு அப்போது 5/1 காட்டிக்கொண்டிருந்தது. சீட்டை மெஷினில் விட்டு, காசை வாங்கிக்கொண்டு, நகலைக் கொடுத்தேன். குதிரை ஜெயித்தது. அறுபது பவுண்டு வாங்க வந்தவருக்கு நாற்பதை எண்ணி வைத்தேன்.

"தம்பி, பலகையில அஞ்சு எண்டுதானே கிடந்தது?"

"ஓம் ஐயா. ஆனா நீங்கள் விலை எடுக்கேல்லையே. எஸ்.பி. மூண்டு."

அவர் சண்டை போடவில்லை. சீட்டையும் நோட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். விதிப்படி நான் கொடுத்தது சரிதான். ஆனால் "விலை எடுக்கிறீர்களா ஐயா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இருபது பவுண்டு அவர் பையில் இருந்திருக்கும். குதிரைப் பந்தயத்துக்குப் புதியவர் யார் கேட்டாலும் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

5/1 என்றால் ஒரு பவுண்டு கட்டியவருக்கு ஐந்து பவுண்டு லாபம், கட்டிய ஒரு பவுண்டும் திரும்ப வரும். பத்து பவுண்டுக்கு ஐம்பது லாபம், முதலோடு அறுபது. பந்தயக்காரர்கள் இதை 'விலை' என்கிறார்கள். பெயருக்கு ஏற்றபடி அது சந்தை விலைபோலவே ஏறி இறங்கும். ஒரு குதிரை மேல் நிறையப் பணம் விழுந்தால் புக்கி அதன் விலையைக் குறைத்துவிடுவார். யாரும் சீந்தாத குதிரைக்கு விலை ஏறிக்கொண்டே போகும். காலையில் 8/1 ஆக இருந்தது, பந்தயம் தொடங்கும்போது 4/1 ஆகவோ 12/1 ஆகவோ மாறியிருக்கலாம்.

அப்படியானால் எந்த நேரத்து விலையை வைத்துப் பணம் கொடுப்பது? பிரிட்டனில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பந்தயம் கட்டும்போதே திரையில் இருக்கும் விலையைக் கேட்டு, அதைச் சீட்டில் பதிந்துகொள்வது முதல் வழி. இதுதான் 'விலை எடுப்பது'. கேட்காமல் விட்டால் குதிரைகள் கிளம்பும் நொடியில் நிற்கும் விலைதான் கணக்கு. அதற்கு ஸ்டார்ட்டிங் பிரைஸ் என்று பெயர், கடையில் எல்லோருக்கும் அது எஸ்.பி. சீட்டில் விலை எதுவும் இல்லையென்றால் தானாகவே எஸ்.பி. ஆகிவிடும். பெரியவர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

எஸ்.பி.யை எந்த ஒரு புக்கியும் தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. பல காலமாக இருந்துவந்த முறை இது: பந்தயத் திடலில் நிற்கும் புக்கிகளில் ஒரு தொகுதியை எடுத்து, கிளம்பும் நேரத்தில் அவர்கள் பலகையில் இருக்கும் விலைகளைப் பெரியதிலிருந்து சிறியதுக்கு வரிசைப்படுத்துவார்கள். வரிசையைச் சரிபாதியாக வெட்டுவார்கள். பெரிய விலைகள் உள்ள பாதியில் ஆகச் சிறிய விலை எதுவோ அதுவே எஸ்.பி. பத்துப் புக்கிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைக்கு மூன்று பேர் 6/1 கொடுக்கிறார்கள், இரண்டு பேர் 11/2, மீதி ஐந்து பேர் 5/1. மேல்பாதியில் மூன்று 6/1, இரண்டு 11/2. அதில் சின்னது 11/2. அதாவது இரண்டுக்குப் பதினொன்று, ஒன்றுக்கு ஐந்தரை. அந்தக் குதிரையின் எஸ்.பி. அதுதான். புக்கிகளில் பாதிப் பேராவது அந்த விலையையோ அதைவிட நல்ல விலையையோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று இதற்கு அர்த்தம்.

இந்த முறையின் உயிர், திடலுக்குள் வந்து விழும் பணம். அதை உலகுக்கே காட்டிக்கொடுத்தது அயர்லாந்தில் நடந்த ஒரு சம்பவம். 1975 ஜூன் 26, பெல்யூஸ்டவுன் என்ற சின்ன ஊர்த் திடல். பார்னி கர்லி என்பவருடைய எல்லோ சாம் என்ற குதிரை அன்று ஓடியது. கர்லியின் ஆட்கள் அயர்லாந்து முழுக்க உள்ள கடைகளில் சின்னச் சின்னத் தொகைகளாகப் பிரித்து, மொத்தம் பதினைந்தாயிரம் பவுண்டுக்கு மேல் எஸ்.பி.யில் கட்டினார்கள். இப்படிப் பணம் வந்தால் கடைக்காரர்கள் திடலில் இருக்கும் தங்கள் ஆளுக்குப் போன் செய்து, அங்கேயும் அந்தக் குதிரை மேல் பணம் போடச் சொல்வார்கள். விலை இறங்கும், எஸ்.பி.யும் கூடவே இறங்கும். ஆனால் பெல்யூஸ்டவுனில் பொதுத் தொலைபேசி ஒன்றே ஒன்றுதான். கர்லியின் நண்பர் அதற்குள் நுழைந்து, ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கும் அத்தையைப் பற்றி விசாரிப்பதுபோலப் பேசிக்கொண்டே இருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் இரக்கப்பட்டுக் காத்திருந்தார்கள். வெளிப்பணம் திடலுக்குள் வரவே இல்லை. எல்லோ சாம் 20/1 எஸ்.பி.யில் ஜெயித்தது. கர்லிக்கு மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது.

இன்று அது நடக்காது. ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் 2020 ஜூனில் ஆளில்லாத திடல்களில் பந்தயம் மறுபடி தொடங்கியபோது, அங்கே புக்கிகளே இல்லை. அதனால் வெளியே இருக்கும் பெரிய நிறுவனங்களின் விலைகளை வைத்து எஸ்.பி. கணக்கிட வேண்டியிருந்தது. விலைகளை எங்கிருந்து எடுத்தாலும், குதிரைகள் கிளம்பும் நொடியின் விலை என்ற அடிப்படை மாறவில்லை.

விலை எடுக்காமல் விடுவது எவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும் என்பதற்கு, 1996 செப்டம்பர் 28 அன்று ஆஸ்கட் திடலில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஃபிராங்கி டெட்டோரி அன்றைய ஏழு பந்தயங்களையும் ஜெயித்தார். கடைசிப் பந்தயத்தில் அவர் ஏறிய ஃபுஜியாமா கிரெஸ்ட்டுக்குக் காலையில் 12/1 விலை. ஆறு ஜெயித்த டெட்டோரி ஏழாவதையும் ஜெயித்தால் புக்கிகளின் கதி என்ன? பயத்தில் விலையை இறக்கிக்கொண்டே போனார்கள். எஸ்.பி. 2/1. காலையில் பத்து பவுண்டுக்கு விலை எடுத்தவருக்கு நூற்றிருபது லாபம். அதே குதிரையை எஸ்.பி.யில் விட்டவருக்கு இருபது.

விலை எடுப்பவருக்கும் ஒரு பயம் உண்டு. காலையில் 8/1 எடுத்தாயிற்று, மதியம் அதே குதிரை 12/1 ஆகிவிட்டால்? வயிறு எரியும். இந்தப் பயத்தைப் போக்கத்தான் நிறுவனங்கள் 'பெஸ்ட் ஆட்ஸ் கேரன்டீட்' என்ற சலுகையைக் கொண்டுவந்தன. சுருக்கமாக பி.ஓ.ஜி. நீங்கள் எடுத்த விலை, எஸ்.பி. இரண்டில் எது பெரிதோ அதில் பணம். 8/1 எடுத்து எஸ்.பி. 4/1 ஆனால், 8/1 உங்களுக்கு. எஸ்.பி. 12/1 ஆனால், 12/1 உங்களுக்கு. பத்து பவுண்டுக்குத் தொண்ணூறு வர வேண்டிய இடத்தில் நூற்றிமுப்பது வரும். 'ஈச் வே' கட்டியிருந்தால், இடம் பிடித்ததற்கான பகுதியும் பொதுவாக அந்தப் பெரிய விலையிலேயே கணக்காகும்.

விலை எடுத்த சீட்டுக்குத்தான் இந்தச் சலுகை. பெரியவரின் சீட்டுபோல விலையில்லாத சீட்டில் ஒப்பிட இரண்டாவது எண்ணே இல்லை. அதோடு, பெரும்பாலும் பிரிட்டன், அயர்லாந்து பந்தயங்களுக்கு மட்டும், அதுவும் பந்தய நாளன்று ஒரு குறிப்பிட்ட மணிக்குப் பிறகு கட்டினால்தான். முதல் நாள் இரவு கட்டியது சில இடங்களில் சேராது. வாரக்கணக்கில் முன்னால் கட்டும் 'ஆன்ட்டி போஸ்ட்' சேராது. டோட்டில் கட்டியதும் சேராது, அங்கே மொத்தப் பணத்தைப் பங்கு போடுகிறார்களே தவிர விலை எடுக்க எதுவுமில்லை. ஒரு நாளில் இவ்வளவு வரைதான் கூடுதலாகத் தருவோம் என்ற உச்சவரம்பும் இருக்கும். இன்னொன்றை நிறுவனங்கள் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. தொடர்ந்து நல்ல விலை எடுத்து ஜெயிப்பவரின் கணக்கிலிருந்து இந்தச் சலுகையைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது, காரணம் எதுவும் இல்லாமல். கட்டுவதற்கு முன் பந்தயப் பக்கத்தில் அந்தக் குறியீடு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு தாராளமாகக் கொடுத்தால் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகுமா? பி.ஓ.ஜி. வேலை செய்ய இரண்டு நடக்க வேண்டும். குதிரையின் விலை ஏற வேண்டும், அந்தக் குதிரையே ஜெயிக்கவும் வேண்டும். விலை ஏறுகிறது என்றால் பணம் அதை விட்டு வேறு பக்கம் போகிறது என்று பொருள். போகிறவர்களில் விஷயம் தெரிந்தவர்களும் இருப்பார்கள். 8/1இலிருந்து 12/1க்குப் போன குதிரைகள், 8/1இலேயே நின்ற குதிரைகளைவிடக் குறைவாகத்தான் ஜெயிக்கும். அதனால் சலுகை உண்மையானதுதான், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் "பி.ஓ.ஜி. இருக்கிறது, தைரியமாகக் கட்டலாம்" என்று தொகையைக் கூட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஜெயிக்கும் வாய்ப்பை இது ஒரு இம்மியும் கூட்டுவதில்லை.

கவுண்டரில் அதிகம் குழப்பம் வருவது 'ரூல் ஃபோர்' கழிவில். நீங்கள் விலை எடுத்த பிறகு ஒரு குதிரை விலகிவிட்டால், மீதிக் குதிரைகளின் வாய்ப்பு கூடிவிடுகிறது. அதற்கு ஈடாக உங்கள் லாபத்தில் கழிப்பார்கள், முதலில் கை வைப்பதில்லை. எவ்வளவு என்பது விலகிய குதிரையின் விலையைப் பொறுத்தது. 2/1 குதிரை விலகினால் பவுண்டுக்கு 30 பென்ஸ், 10/1 குதிரை என்றால் 5 பென்ஸ், 14/1க்கு மேல் இருந்தால் எதுவுமில்லை. விலகிய பின் புதிதாகச் சந்தை உருவாக நேரம் இருந்தால், எஸ்.பி.யில் கட்டியவருக்குக் கழிவு கிடையாது. அந்த மாற்றம் எஸ்.பி.க்குள்ளேயே வந்துவிடுகிறது.

அந்தப் பெரியவருக்கே இது ஒருநாள் வந்தது. அதற்குள் அவர் கவுண்டருக்கு வந்ததும் "விலை எடு தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் காசை வைப்பார். பத்து பவுண்டு, 5/1. மத்தியானம் 2/1இல் இருந்த ஃபேவரிட் விலகியது. இவருடைய குதிரை 4/1 எஸ்.பி.யில் ஜெயித்தது. எடுத்த விலையில் லாபம் ஐம்பது, கழிவு பதினைந்து போக முப்பத்தைந்து. எஸ்.பி.யில் நாற்பது. பார்த்தால் 5/1தான் பெரிய விலை, கைக்கு வருவதோ 4/1இல் அதிகம். கழிவுக்கு முன் ஒப்பிடுவதா, பின் ஒப்பிடுவதா? இது அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. எங்கள் கடையில் கழிவுக்குப் பின் ஒப்பிடுவார்கள், அதனால் முதலோடு ஐம்பது பவுண்டு கொடுத்தேன்.

அறுபதை எதிர்பார்த்து வந்தவர் நோட்டுகளை எடுக்கவில்லை. நகல் சீட்டைத் திருப்பி வைத்து, பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"கணக்கை இதில எழுது தம்பி. வீட்டை போய்ப் பாக்கிறன்."

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நாற்பதைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தேன்.