ரிசல்ட் வருமுன்பே தயாராகும் வாழ்த்துகள்

2023-ஆம் ஆண்டு ப்ளஸ் டூ தேர்வு முடிவு மே 5 அன்று வெளியாகும் என்று முதலில் அறிவித்தார்கள். மே 7 அன்று நீட் தேர்வு இருந்ததால், எழுதப் போகும் பிள்ளைகளின் மனநிலை கெடக்கூடாது என்று மே 8-க்குத் தள்ளிவைத்தார்கள். 2025-இல் இதற்கு நேர்மாறாக நடந்தது. மே 9 என்று சொல்லியிருந்த ப்ளஸ் டூ முடிவு ஒரு நாள் முன்னதாக மே 8 காலையிலேயே வந்தது. மே 19 என்றிருந்த பத்தாம் வகுப்பு முடிவு மே 16-க்கு வந்துவிட்டது.

மாணவர்களுக்கு இது சில நாள் பதற்றம்தான். ஆனால் தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான டியூஷன் சென்டர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. ரிசல்ட் வாரத்தில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போடவேண்டிய போஸ்ட்களை அவர்கள் ஏப்ரலிலேயே தயாரித்து, தேதியும் நேரமும் குறித்து வைத்துவிடுகிறார்கள். மெட்டா பிசினஸ் சூட் என்ற இலவச வசதியில் படத்தை ஏற்றி, நாளையும் மணியையும் கொடுத்தால் போதும். அந்த நேரத்தில் போஸ்ட் தானாகப் போய்விடும். அதற்குத் தெரிந்தது கடிகாரம் மட்டுமே. ரிசல்ட் வந்ததா, தள்ளிப்போனதா என்பது அதற்குத் தெரியாது. 2023-இல் மே 5 காலைக்கு 'வெற்றி பெற்ற எங்கள் மாணவச் செல்வங்களுக்கு வாழ்த்துகள்' என்று குறித்து வைத்து மறந்த சென்டர், முடிவு வருவதற்கு மூன்று நாள் முன்பே வாழ்த்தியிருக்கும்.

ஆகவே இந்தத் திட்டத்தில் முதலில் முடிவு செய்யவேண்டியது, எந்தப் போஸ்ட் கடிகாரத்தை நம்பிப் போகலாம், எது ஆள் கையால்தான் போகவேண்டும் என்பதே. ஒரு மாதிரிக்கு, திண்டுக்கல் போன்ற ஊரில் கணவனும் மனைவியும் நடத்தும் ஒரு டியூஷன் சென்டரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 80 பிள்ளைகள்; அவர்களில் 25 பேர் ப்ளஸ் டூ. சமூக ஊடக வேலையைப் பார்ப்பது அங்கே படித்துவிட்டுப் போன ஒரு கல்லூரி மாணவர்.

இவர்கள் தயங்காமல் முன்கூட்டியே குறித்து வைக்கக்கூடியவை தகவல் போஸ்ட்கள். ரிசல்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு, tnresults.nic.in தளத்திலும் டிஜிலாக்கரிலும் முடிவு பார்க்கலாம், பதிவு எண்ணும் பிறந்த தேதியும் தேவை, பள்ளியில் கொடுத்திருக்கும் செல்போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் வரும் என்று ஒரு போஸ்ட். முந்தைய நாள் மாலை, தளம் திறக்காவிட்டால் பதறவேண்டாம், சற்றுப் பொறுத்துப் பாருங்கள் என்று இன்னொன்று. இவற்றில்கூட 'நாளை', 'இன்று' என்று எழுதாமல் தேதியைப் போடுவதே நல்லது. நாள் மாறினால் வரிசையில் காத்திருக்கும் போஸ்ட் ஒவ்வொன்றையும் திறந்து மாற்றவேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பெற்றோர்கள் குழம்புவார்கள். அரசு அறிவிப்பு வந்தவுடன் யார் அந்த வரிசையைத் திறந்து பார்ப்பது என்று ஒருவரை முன்பே நியமித்துவிட வேண்டும். எல்லாருடைய வேலை என்று விட்டால் அதை ஒருவரும் செய்யமாட்டார்கள்.

ரிசல்ட் நாள் காலையிலிருந்து மாலைவரை தானாகப் போகும் போஸ்ட் எதுவும் இருக்கக்கூடாது. வாழ்த்துப் படத்தின் டெம்ப்ளேட்டைச் செய்து வைக்கலாம், வண்ணமும் லோகோவும் இடம் பிடித்திருக்கலாம். ஆனால் அது வரைவாகவே இருக்கவேண்டும், நேரம் குறிக்கக்கூடாது. 'மாணவர் பெயர், மதிப்பெண்' என்ற வெற்று வரியோடு அப்படியே வெளியே போன படங்களைச் சென்டர் நடத்துகிறவர்கள் நன்றாக அறிவார்கள்.

டெம்ப்ளேட்டை நிரப்பும்போது நேரும் பிழைகள் இன்னும் வலிப்பவை. பெயரை ஆங்கிலப் பட்டியலிலிருந்து பார்த்துத் தமிழில் எழுதினால் தரணி தாரணியாகிவிடுவாள், இனிஷியல் மாறும், ஒருத்தி படத்துக்குக் கீழே இன்னொருத்தியின் மதிப்பெண் உட்கார்ந்துகொள்ளும். பத்து நிமிடத்தில் அது குடும்பக் குரூப்களுக்கெல்லாம் போய்விடும், திருத்திய படம் அங்கே போய்ச் சேராது. மாணவரே தன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துத் தட்டச்சு செய்வதும், போடுமுன் படத்தை அந்த மாணவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரியா?' என்று கேட்பதும் ஐந்து நிமிட வேலைதான்.

அந்த ஐந்து நிமிடத்துக்குச் சட்டமும் இடம் கேட்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று பயிற்சி மையங்களின் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பெரிய ஊர்களின் ஐ.ஏ.எஸ். பயிற்சி மையங்களுக்கு மட்டும் உரியது இது என்று பலர் நினைக்கிறார்கள். டியூஷனும் அதில் அடங்கும். 50 பேருக்கு மேல் சொல்லிக்கொடுக்கும் மையம் என்றால் பொருந்தும். 80 பிள்ளைகள் படிக்கும் நம் திண்டுக்கல் சென்டருக்கும் பொருந்தும். ஒரு மாணவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் போட அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலையும் அவர் வெற்றி பெற்ற பிறகுதான் வாங்கவேண்டும் என்கிறது நெறி.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஜூன் மாதம் சேரும்போது விண்ணப்பத்தின் அடியில் பொடி எழுத்தில் 'புகைப்படம் பயன்படுத்தச் சம்மதம்' என்று ஒரு வரி இருக்கும். பணம் கட்ட வந்த அப்பா படித்தும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தக் கையெழுத்து இனிச் செல்லாது. முடிவு வந்தபின் மாணவர் தன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, ஊருக்குச் சொல்லலாமா என்று தாமே தீர்மானிக்கவேண்டும். படத்தோடு கூடிய வாழ்த்தை முன்கூட்டியே குறித்து வைப்பதற்கு இதனால் வழியே இல்லாமல் போகிறது. பத்தாம் வகுப்பு, ப்ளஸ் டூ பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் 18 வயது நிரம்பாதவர்கள் என்பதால் பெற்றோரின் கையெழுத்தும் வாங்குவதே முறை. சிறாரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதே 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் போக்கும்.

படத்தோடு மாணவர் எந்தப் பாடத்தை, எவ்வளவு காலம் அங்கே படித்தார் என்பதையும் சொல்லவேண்டும். இந்த நெறி வந்ததற்குக் காரணமே அந்த மறைப்புதான். குடிமைப் பணித் தேர்வில் வென்றவர்களில் பலர் ஒரு நிறுவனத்தில் நேர்காணலுக்கான இலவசப் பயிற்சிக்கு மட்டுமே போயிருந்தார்கள். முழுப் படிப்பையும் அங்கேயே படித்ததுபோல விளம்பரம் வந்தது. நெறி வெளியான சமயத்தில் 18 நிறுவனங்களுக்கு மொத்தம் 54 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டிருந்தது. நம் சென்டரில் ஒரு மாணவி கணக்குக்கு மட்டும் எட்டு மாதம் வந்தார் என்றால், போஸ்ட் இப்படி இருக்கலாம்: 'கணிதத்தில் 97 பெற்ற எங்கள் மாணவிக்கு வாழ்த்துகள். ப்ளஸ் டூ கணித வகுப்பில் எட்டு மாதம் எங்களிடம் படித்தார்.' மொத்த மதிப்பெண்ணுக்கு உரிமை கொண்டாட இடமில்லை. மற்ற பாடங்களைப் பள்ளி ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தேர்ச்சி விகிதத்தையும் யோசித்துத்தான் போடவேண்டும். 25 பேரில் 24 பேர் தேறினால் 96 சதவீதம். பெரிய எழுத்தில் போட ஆசை வரும். 2025-இல் ப்ளஸ் டூ தேர்வில் மாநிலமே 95.03 சதவீதம் தேறியது. அப்படியானால் அந்த 96 தனிச் சாதனை அன்று. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று போடுவது அதைவிட மோசம். 2017 முதல் தமிழ்நாடு அரசு பத்தாம் வகுப்புக்கும் ப்ளஸ் டூவுக்கும் ரேங்க் பட்டியல் வெளியிடுவதில்லை. இல்லாத பட்டியலில் முதலிடம் பிடித்ததாகச் சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. நீட்டில் ரேங்க் உண்டு, ஆனால் அதுவும் மாறலாம். 2024 ஜூன் 4-இல் வந்த முடிவில் 67 பேர் முழு மதிப்பெண் 720 பெற்றிருந்தார்கள். கருணை மதிப்பெண் நீக்கம், ஒரு கேள்விக்கான விடைத் திருத்தம் எல்லாம் முடிந்து ஜூலையில் திருத்திய பட்டியல் வந்தபோது அவர்கள் 17 பேராகக் குறைந்தார்கள். ஜூனில் அடித்த ஃப்ளெக்ஸ்கள் ஜூலையில் பொய்யாகிவிட்டன. ப்ளஸ் டூவிலும் விடைத்தாள் நகல் வாங்கி மறுமதிப்பீடு கேட்கலாம், மதிப்பெண் மாறலாம். போஸ்ட்டைத் திருத்தும் வேலையும் திட்டத்தில் இருக்கவேண்டும்.

பட்டியலில் மீதி இருக்கும் அந்த ஒருவர் யார்? தேறாத அந்த இருபத்தைந்தாவது பிள்ளை. அவரும் அதே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார். '24 பேர் தேர்ச்சி' என்று படம் வந்தால், விட்டுப்போன முகம் எது என்று குரூப்புக்கே தெரிந்துவிடும். சென்டர் எண்ணைச் சொல்லி வாழ்த்தவேண்டிய அவசியமே இல்லை. பல சென்டர்கள் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் முன்பே வாங்கி வைத்து, மாணவர் பார்க்குமுன் தாங்களே எல்லார் மதிப்பெண்ணையும் எடுத்துவிடுகின்றன. அந்தப் பழக்கத்தைக் கைவிடவேண்டும். முடிவை முதலில் பார்க்கும் உரிமை எழுதியவருக்கே உண்டு.

அன்று ஆசிரியரின் முதல் வேலை போன் செய்வது. குறைந்த மதிப்பெண் பெறக்கூடும் என்று நினைத்த பிள்ளைகளின் வீட்டிலிருந்து தொடங்கவேண்டும். செண்டம் வாங்கியவருக்கு மாலையில் வாழ்த்தினாலும் மகிழ்ச்சி குறையாது. தோற்றவருக்குக் காலையில் ஒரு குரல் கட்டாயம் வேண்டும். ஜூன் கடைசியில் துணைத்தேர்வு நடக்கிறது, எழுதித் தேறினால் அதே ஆண்டில் கல்லூரியில் சேரமுடியும் என்பதை அன்றே சொல்லவேண்டும். மனநல ஆலோசனைக்கு 104, 14416 என்ற எண்களை, கடிகாரம் பார்த்துப் போகும் தகவல் போஸ்ட்களில் ரிசல்ட்டுக்கு முந்தைய நாளே போட்டுவிடலாம்.

போன்கள் முடிந்து, ஒப்புதல் தாள்கள் வந்து சேர மாலை ஆகிவிடும். ஆறு மணிக்குமேல் வாழ்த்துகளைப் போடலாம். இருபது தனிப் படங்களாக வரிசையாகக் கொட்டாமல் ஒரே தொகுப்பாக, மதிப்பெண் வரிசையில் அல்லாமல் பெயரின் அகர வரிசையில். மறுநாள் விடைத்தாள் நகலுக்கும் துணைத்தேர்வுக்கும் விண்ணப்பிக்கும் தேதிகள், பொறியியல் கலந்தாய்வுப் பதிவு என்று மறுபடி தகவல் போஸ்ட்கள். பெற்றோர்கள் எடுத்துச் சேமித்து வைப்பது இவற்றைத்தான். பத்தாம் வகுப்பு முடிவு அடுத்த சில நாளில் வரும்போது இதே வரிசையைப் புதிய தேதிகளோடு தொடங்கலாம்.

பிள்ளையின் படத்தைக் கேட்டு டியூஷன் சென்டரிலிருந்து போன் வந்தால், பெற்றோர்கள் அந்தப் போஸ்ட்டை முதலில் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். பெயர், மதிப்பெண், எந்தப் பாடம், எத்தனை மாதம் என்பதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பிள்ளையிடமே காட்டுங்கள். பிள்ளை வேண்டாம் என்றால், கையெழுத்துப் போடாமல் மறுத்துவிடுங்கள்.