கட்டடக் கம்பியின் விட்டம்

இல்லங்களின் கொங்கிறீற்று வேலையில் 6, 10, 12, 16 மில்லிமீற்றர் உருக்குக் கம்பிகளே பெரிதும் வழங்குகின்றன. 6 மில்லிமீற்றர்க் கம்பி நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையமாகும்; 10 பெரும்பாலும் தளத்துக்கும், 12, 16 என்பன தூணுக்கும் உத்தரத்துக்கும் உரியன.

விட்டத்தை அளக்குமுன் வேணியர் இடுக்கிமானியின் தாடைகளைச் சேர்த்துப் பூச்சிய வழுவை நோக்குதல் வேண்டும். பின்னர், துருவைத் துடைத்த கம்பியைச் செங்குத்தான இரு திசைகளில் அளத்தல் வேண்டும். வரிப்புடைப்புள்ள 12 மில்லிமீற்றர்க் கம்பி, புடைப்பின்மேல் 12க்கு மிகையாகவும் புடைப்புகளுக்கு இடையே 12க்குச் சற்றுக் குறைவாகவும் காட்டும். இது குற்றமன்று, ஒரு மீற்றருக்கு அதே நிறையுடைய வழவழப்பான உருண்டைக் கம்பியின் விட்டமே பெயரளவு விட்டம் எனப்படும்.

ஆதலின், இடுக்கிமானி 10ஐயும் 12ஐயும் வேறுபடுத்துமேயன்றிச் சிறு குறைவைத் தெளிவாகக் காட்டாது. அதனைத் தராசே காட்டும். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுப்பின் மீற்றருக்குரிய நிறை கிலோகிராமிற் கிடைக்கும். 12 மில்லிமீற்றருக்கு அது 0.889 ஆகும். சரியாக ஒரு மீற்றர் நீளமாக வெட்டிய துண்டு 0.800 கிலோகிராமே நிறுக்குமாயின், உண்மை விட்டம் ஏறக்குறைய 11.4 மில்லிமீற்றரேயாம். விட்டத்திற் குறைவு சிறிதாகத் தோன்றினும், சுமை தாங்கும் உருக்கின் பரப்பிற் பத்திலொரு பங்கு குறைந்துவிட்டது.