ஆண்டு தலைப்பில் இருக்கட்டும், முகவரியில் வேண்டாம்

‘2025-இல் வாங்கத்தக்க 10 மிக்ஸிகள்’ என்றொரு கட்டுரை கூகுள் தேடலில் மூன்றாவது இடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி பிறந்ததும் 2026-க்கென்று புதிதாக இன்னொரு கட்டுரையை எழுதி வெளியிடுபவர்கள் பலர். இடம் பறிபோவது அங்கேதான். மற்ற தளங்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம் பழைய பக்கத்தையே சுட்டிக்கொண்டிருக்க, புதிய பக்கம் வெறுங்கையோடு தொடங்குகிறது. போதாக்குறைக்கு ஒரே தேடலுக்கு இரண்டும் மோதிக்கொள்கின்றன.

அதே பக்கத்தைத்தான் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அதன் முகவரியில் ஆண்டு இருக்கக் கூடாது. /best-mixie/ என்று இருந்துவிட்டால் எத்தனை ஆண்டு போனாலும் முகவரியைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே ஆண்டோடு வெளியிட்டிருந்தால் ஒரே ஒரு முறை மாற்றி, பழைய முகவரிக்கு வருபவர்களை நிரந்தரமாகப் புதியதற்குத் திருப்பிவிடலாம். அப்பாச்சி சர்வரில் அதற்கான வரி இது:

```
Redirect 301 /best-mixie-2025/ https://example.com/best-mixie/
```

இந்தத் திருப்பத்தைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கும்படி கூகுள் சொல்கிறது. எடுக்காமலே விட்டுவிடுவது இன்னும் நல்லது. 2023, 2024 முகவரிகளும் இருந்தால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவவிடாமல், ஒவ்வொன்றையும் நேராக இறுதி முகவரிக்கே அனுப்புங்கள்.

அடுத்தது தலைப்பு. தேடல் முடிவுக்கென்று கொடுக்கும் தலைப்பும் பக்கத்தின் உச்சியில் வாசகர் காணும் தலைப்பும் பெரும்பாலும் தனித்தனி இடத்தில் இருக்கும். ஒன்றில் 2026, மற்றதில் 2025 என்று நின்றால் எதைக் காட்டுவது என்பதை கூகுள் தானே முடிவு செய்துகொள்ளும். மாற்றிய பிறகும் பழைய ஆண்டே தேடலில் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஆண்டை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே எதையும் தொடாமல் விடுவது வாசகரை ஏமாற்றுவது. புதிது போலக் காட்டத் தேதியை மட்டும் மாற்றும் பழக்கத்தை கூகுளின் வழிகாட்டுதலும் எச்சரிக்கிறது. விலைகளைச் சரிபாருங்கள், சந்தையில் இல்லாத மாடலை எடுங்கள், புதியதைச் சேருங்கள். பிறகு ‘புதுப்பித்த நாள்’ போடுங்கள். முதலில் வெளியிட்ட நாள் அப்படியே இருக்கட்டும்.

எடுப்பதிலும் நிதானம் வேண்டும். சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தை மட்டும் தேர்ந்து, என்னென்ன தேடல்கள் வழியாக ஆட்கள் வருகிறார்கள் என்று பாருங்கள். நீக்கப்போகும் மிக்ஸியின் பெயரைத் தேடியே கணிசமானோர் வந்தால் அந்தப் பகுதியை முழுதாக வெட்டாதீர்கள். ‘இதன் உற்பத்தி நின்றுவிட்டது, இதற்கு இணையானது இன்னது’ என்று இரண்டு வரியாவது விட்டுவையுங்கள். புதுப்பித்தபின் இடம் சரிவதற்கு, வந்த வாசகர்களின் கேள்விக்குப் பதில் இல்லாமல் போவதும் ஒரு காரணம்.

மாற்றியதும் பக்கத்தை மீண்டும் பார்வையிடும்படி சர்ச் கன்சோலிலேயே கேட்கலாம். விளைவை அளக்கும்போது முந்தைய மாதத்தோடு ஒப்பிடாதீர்கள். தீபாவளிச் சமயத்தில் மிக்ஸி தேடுவோர் பெருகி, பிறகு குறைவது இயல்பு. சென்ற ஆண்டின் இதே வாரங்களை எடுத்துக்கொண்டு, கிளிக்குகளோடு சராசரி இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். இடம் அப்படியே இருந்து கிளிக் மட்டும் குறைந்திருந்தால் தேடுவோர் குறைந்திருக்கலாம், அல்லது முடிவில் தெரியும் தலைப்பு ஈர்க்காமல் இருக்கலாம்.