கல்லாவில் பணம் குறைந்தும் லாபம் வந்த கதை

புதிதாகத் தையல் கடை திறந்த ஒரு பெண் மாதக் கடைசியில் கல்லாவை எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 50,000 ரூபாயோடு தொடங்கிய கடை. கையில் மிஞ்சியிருப்பது 22,500. அவருடைய வரவு செலவு நோட்டும் 27,500 ரூபாய் போய்விட்டது என்றே சொல்கிறது. ஆனால் அதே மாதத்தைக் கணக்காளர் ஒருவர் எழுதினால், கடை 500 ரூபாய் லாபம் பார்த்திருப்பதாகக் காட்டுவார்.

இரண்டில் எதுவும் பொய்யில்லை. வரவு செலவு நோட்டு பணத்தை மட்டுமே பார்க்கிறது. கணக்காளர் ஒவ்வொரு நடவடிக்கையையும் இரண்டு இடத்தில் எழுதுகிறார். அது ஏன் இரண்டு?

ஒரு கடையைப் பார்த்து எப்போதும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். கடையில் என்னென்ன இருக்கிறது? அவையெல்லாம் யார் கொடுத்ததால் வந்தன? ரொக்கம், மெஷின், துணி, வெளியிலிருந்து வரவேண்டிய பாக்கி ஆகியவை முதல் கேள்விக்கான பதில். கணக்குப்பதிவியலில் இவை சொத்துகள். இரண்டாவது கேள்விக்கு இரண்டே பதில்கள்தான் உண்டு. ஒன்று, வெளியாருக்குக் கொடுக்கவேண்டிய கடன், இது பொறுப்பு. மற்றது உரிமையாளருக்குச் சேரவேண்டியது, இது முதல். இருக்கும் ஒவ்வொரு ரூபாய்ச் சொத்தும் இந்த இருவரில் ஒருவருக்கு உரியதாகத்தான் இருக்கவேண்டும். அதனால்:

சொத்துகள் = பொறுப்புகள் + முதல்

ஒரே செல்வத்தை இரண்டு கோணத்தில் எண்ணுவதால் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வரும். ஒரு நடவடிக்கை இதில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் சமன் குலைந்துவிடும். ஆகவே இன்னோர் எண்ணும் மாறியே தீரும். அது எதிர்ப்பக்கத்தில் இருக்கலாம். அதே பக்கத்திலும் இருக்கலாம்.

தையல் கடையின் மாதத்தை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும். அந்தப் பெண் தன் சேமிப்பிலிருந்து 50,000 ரூபாய் போடுகிறார். கடையின் ரொக்கம் 50,000. அவருக்குச் சேரவேண்டிய முதலும் 50,000. கடையும் அவரும் கணக்கில் வேறு வேறு ஆட்கள். அவர் போட்ட பணத்துக்குக் கடை அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்து 18,000 ரூபாய்க்கு ஒரு தையல் மெஷின் வாங்குகிறார். ரொக்கம் 32,000 ஆகக் குறைகிறது. மெஷின் என்ற புதுச் சொத்து 18,000 சேர்கிறது. மொத்தச் சொத்து அதே 50,000தான். வரவு செலவு நோட்டு இதைச் செலவு என்று எழுதிவிடும். உண்மையில் ஒரு சொத்து இன்னொரு சொத்தாக உருமாறியிருக்கிறது, அவ்வளவே.

பிறகு மொத்த வியாபாரியிடம் 12,000 ரூபாய்க்குக் கடனில் துணி எடுக்கிறார். காசு கைமாறவில்லை என்பதால் நோட்டில் இது ஏறவே ஏறாது. சமன்பாட்டிலோ துணி 12,000, பொறுப்பு 12,000 என இரண்டு பக்கமும் சேர்ந்து உயர்கின்றன. சில நாள் கழித்து அந்தக் கடனில் 5,000 ரூபாயை அடைக்கிறார். இப்போது ரொக்கம் 27,000, பொறுப்பு 7,000. இரண்டும் சேர்ந்தே இறங்கின. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

இனிதான் லாபம் வருகிறது. 4,000 ரூபாய்த் துணியில் சீருடைகள் தைத்து, ஒரு பள்ளிக்கு 7,000 ரூபாய்க்குக் கொடுக்கிறார். பணம் அடுத்த மாதம் வரும். துணி இருப்பு 4,000 குறைகிறது; பள்ளியிடமிருந்து வரவேண்டிய பாக்கி 7,000 சேர்கிறது. சொத்து நிகரமாக 3,000 கூடிவிட்டது. வெளியாருக்குக் கொடுக்கவேண்டியது ஏறவில்லை. அப்படியானால் அந்த 3,000 யாருக்குச் சேரும்? உரிமையாளருக்கு. முதல் 53,000 ஆகிறது. ஒரே நடவடிக்கையில் மூன்று இடங்கள் மாறியிருப்பதையும் இங்கே பார்க்கலாம். இரண்டு என்பது குறைந்தபட்சம்தான். பல கணக்குகள் மாறினாலும் இரு பக்கமும் சமமாக வரவேண்டும் என்பதே விதி.

கடை வாடகை 2,500 கொடுக்கிறார். ரொக்கம் குறைகிறது, அதற்கு ஈடாக எந்தச் சொத்தும் வரவில்லை, எந்தக் கடனும் தீரவில்லை. எனவே அடி முதலில் விழுகிறது. செலவு என்பதன் பொருள் இதுதான். பின்னர் மகளின் பள்ளிக் கட்டணத்துக்காகக் கல்லாவிலிருந்து 2,000 எடுக்கிறார். இதுவும் ரொக்கத்தையும் முதலையும் குறைக்கிறது. ஆனால் இது கடையின் செலவல்ல. உரிமையாளர் தன் பங்கிலிருந்து எடுத்துக்கொண்டது. கணக்கில் இதை எடுப்புகள் என்று தனியாக எழுதுவார்கள்.

மாத முடிவில் ரொக்கம் 22,500, மெஷின் 18,000, துணி 8,000, பள்ளிப் பாக்கி 7,000, மொத்தம் 55,500. எதிர்ப்பக்கத்தில் மொத்த வியாபாரிக்கு 7,000, முதல் 48,500, அதுவும் 55,500. சீருடையில் கிடைத்த 3,000 ரூபாயில் வாடகை 2,500 போக லாபம் 500. மெஷினின் தேய்மானத்தை இங்கே கணக்கில் எடுக்கவில்லை; எடுத்தால் லாபம் அதற்கேற்பக் குறையும்.

இந்த மாற்றங்களை ஏட்டில் ஏற்றத்தான் பற்று, வரவு என்ற இரு பக்கங்கள். சொத்து கூடினால் பற்று, பொறுப்போ முதலோ கூடினால் வரவு, குறைந்தால் தலைகீழ். வங்கியில் பணம் கட்டினால் பாஸ்புக்கில் அது வரவு என்று வருவதற்கும் இதுவே காரணம். அந்தப் பணம் வங்கிக்கு, வாடிக்கையாளருக்குத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பு. அதே தொகையைக் கடைக்காரர் தன் ஏட்டில் பற்று வைப்பார். அவருக்கு அது சொத்து.

இத்தாலிய வணிகர்கள் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்படி எழுதத் தொடங்கிவிட்டார்கள். 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தன் கணித நூலில், லூக்கா பாச்சோலி என்ற துறவி இந்த முறையை விளக்கினார். அவர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. வணிகர்களிடம் வழக்கத்தில் இருந்ததைத் தொகுத்துக் கொடுத்தார்.

இரண்டு இடத்தில் எழுதுவதால் தவறும் அகப்படும். வாடகை 2,500ஐ ரொக்கக் கணக்கில் சரியாக எழுதி, வாடகைக் கணக்கில் 5,200 என்று எழுதிவிட்டால், எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் கூட்டிப் பார்க்கும் இருப்பாய்வில் பற்றும் வரவும் 2,700 ரூபாய் வேறுபடும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். அனுபவமுள்ள கணக்காளர் முதலில் சோதிப்பது இதைத்தான்.

எல்லாத் தவறும் இப்படிச் சிக்காது. வாடகையை மெஷின் கணக்கில் ஏற்றிவிட்டாலும் பற்றும் வரவும் சமமாகவே இருக்கும். லாபம் மட்டும் 500க்குப் பதில் 3,000 என்று காட்டும். ஒரு பில்லை அடியோடு எழுதாமல் விட்டாலும் இரு பக்கமும் ஒத்தே போகும். அவற்றைப் பிடிக்க வாடகை ரசீதையும் வியாபாரியின் பில்லையும் எடுத்து, ஏட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.